பின் கியர் பிரச்சனை: போட்டோ போயிருச்சு, எழுதியே அனுப்பறேன்

அண்ணா வணக்கம். அரவேணு டீச்சருங்ணா, பச்சை கலர் அலுமினிய பிரேம் கியர் சைக்கிள். போட்டோ அனுப்பறேன்னு போன்ல சொல்லியிருந்தேன். அந்த போன் மழையில நனைஞ்சு செத்துப்போச்சு, எடுத்து வெச்சிருந்த போட்டோ எதுவும் திரும்பக் கிடைக்கல. இது அம்மாவோட போன், கேமரா கண்ணாடி உடைஞ்சிருக்கறதால எதை எடுத்தாலும் மங்கல்தான். சனிக்கிழமை காலையில காய்கறி பிக்கப்புல வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு ஏத்தி விடறேன். அதுக்குள்ள என்ன சாமான் வாங்கி வைக்கணும்னு உங்களுக்குத் தெரியணும், அதனால பார்த்ததையெல்லாம் எழுதறேன்.

இடது வலதுன்னு சொல்றது சீட்டுல உக்காந்து முன்னாடி பார்க்கற கணக்கு. கியர் நம்பர் ஹேண்டில் முறுக்கு ஷிப்டர்ல இருக்கற மாதிரியே: பின்னாடி 1-னா ஸ்போக்ஸ் பக்கத்துல இருக்கற பெரிய பல்சக்கரம், 7-னா வெளியில இருக்கற சின்னது. முன்னாடி மூணு இருக்கு. நான் எப்பவும் ஓட்டறது நடு சக்கரம், அதுல 34 பல்லு.

நடந்தது இது: போன வாரம் பஸ் ஸ்டாண்டு பார்க்கிங்ல வரிசையா நின்ன வண்டியெல்லாம் சாய்ஞ்சதுல என் வண்டி வலது பக்கமா விழுந்திருச்சு. மேல ரெண்டு வண்டி. செயினைக் கியர் மாத்தி விடற பின் டிரெய்லர் மேலதான் மொத்த வெயிட்டும். அதுக்கு முன்னாடி வரைக்கும் கியர் மாறுறதுல தகராறே இல்ல.

இப்ப 1-வது கியர் போட்டா செயின் பெரிய சக்கரத்தைத் தாண்டி உள்ள போய், சக்கரத்துக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவுல மாட்டிக்குது. ஒரு தடவை நல்லா இறுகிருச்சு, பக்கத்துல வந்தவரு இழுத்து எடுத்துக் கொடுத்தாரு. வலது பக்க ஸ்போக்ஸ்ல மூணு கம்பியில, பெரிய பல்சக்கரத்தை ஒட்டின இடத்துல, பளபளன்னு வெட்டுக் காயம் இருக்கு. ஆழமா இல்ல, நகம் வெச்சா தடுக்கற அளவு. அந்தக் கம்பியை மாத்தணுமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். கோத்தகிரிக்கு ஏறுற ரோட்டுல 1-வது இல்லாம எனக்கு வண்டியே இல்லைங்ணா, அதனால இப்போதைக்கு ஓட்டறதை நிறுத்தி வெச்சிருக்கேன்.

4-ல வெச்சு மிதிச்சா டிக் டிக்னு சத்தம், கொஞ்ச தூரத்துல தானா 3-க்கு ஏறிக்குது. ஷிப்டரைத் தொடவே இல்ல. பெரிய சக்கரத்துக்கு மாத்தறது வெண்ணெய் மாதிரி போகுது. சின்னதுக்கு இறக்கறதுதான் தகராறு: 5-க்கு முறுக்கினா அசையாது, 6-க்கு முறுக்கினா ஒரேயடியா ரெண்டு இறங்கும். 7-க்கு பாதி நேரம் போகறதே இல்ல.

வண்டிக்குப் பின்னாடி உக்காந்து, கண்ணை சக்கரத்துக்கு நேரா வெச்சுப் பார்த்தேன். டிரெய்லர்ல இருக்கற ரெண்டு குட்டி வீல்ல மேல உள்ளது பல்சக்கரத்துக்கு நேரா இருக்கு, கீழ உள்ளது சக்கரத்துப் பக்கமா சாய்ஞ்சிருக்கு. 2-வது கியர்ல அந்தக் கூண்டோட அடி முனைக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவுல ஒரு பென்சில் கூட நுழையல. டிரெய்லர் மாட்டற ஹேங்கர் உள்பக்கமா வளைஞ்சிருச்சுன்னு எனக்குப் படுது. அது பிரேமோட வார்த்ததில்ல, தனித் துண்டு. உள்பக்கமா ரெண்டு சின்ன ஆலன் ஸ்க்ரூ பிடிச்சிருக்கு. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியல. நிமித்த முடியும்னா நிமித்துங்க, ஆனா அலுமினியம்கறதால ஒடிஞ்சாலும் ஒடியும், கையில ஒண்ணு இருந்தா நல்லது. ஒவ்வொரு கம்பெனி வண்டிக்கும் அது ஒவ்வொரு ஷேப்புல வருமே. அதனால வியாழக்கிழமை பிக்கப்புல ஒரு பேப்பர் அனுப்பறேன்: ஹேங்கர் மேல பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ச்சு அச்சு எடுத்திருக்கேன், ஸ்க்ரூ ரெண்டும் எங்க வருதுன்னும் குறிச்சிருக்கேன். அந்த அச்சை வெச்சு தேடிப் பாருங்ணா.

கேபிளும் சரியில்ல. டிரெய்லர்கிட்ட கேபிளை நட்டு வெச்சு இறுக்கியிருக்கற இடத்துல மூணு இழை அறுந்து முள்ளு மாதிரி நிக்குது. பின்னாடி வளைஞ்சு வர்ற அவுட்டரோட வாயில துரு. சின்ன கியருக்கு இறங்க சோம்பல் படறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். இன்னர், அவுட்டர் ரெண்டையும் மாத்திருங்க. எல், எச் ஸ்க்ரூ எதையும் நான் தொடல. ஹேங்கரை நேராக்கறதுக்கு முன்னாடி அதைத் திருக வேண்டாம்னு விட்டுட்டேன்.

இன்னொண்ணு விழறதுக்கு முன்னாடியே இருந்தது, அதை இதோட சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம். 6-லயும் 7-லயும் எந்திரிச்சு நின்னு மிதிச்சா செயின் பல்லு மேல ஏறி நழுவும், பெடல் திடீர்னு கீழ போகும். உக்காந்து மெதுவா மிதிச்சா நழுவாது. அந்த ரெண்டு சின்ன சக்கரத்துலயும் பல்லு ஒரு பக்கமா சாய்ஞ்சு கொக்கியாட்டம் ஆயிருச்சு, பெரிய சக்கரங்கள்ல பல்லு நேராத்தான் நிக்குது. இரும்பு ஸ்கேலை செயின்மேல வெச்சு அளந்தேன். ஒரு ரிவிட்டோட நடுவுல ஆரம்பிச்சு 24 லிங்க் தாண்டினா புதுச் செயின்ல சரியா 12 இஞ்ச் வரணும். எனக்கு 12-க்கு மேல எட்டுல ஒரு பங்கு இஞ்ச் வருது. அப்ப செயின் முடிஞ்சு போச்சு. செயின் மட்டும் புதுசா போட்டா தேய்ஞ்ச பல்லுல இன்னும் மோசமா நழுவும்கறதால ப்ரீவீலும் சேர்த்துப் போட்டுருங்க.

எண்ணிப் பார்த்தேன், பெரியதுல 28 பல்லு, சின்னதுல 14, மொத்தம் ஏழு சக்கரம். பல்சக்கரத்தைப் பின்னாடி சுத்தினா நடுவுல டூல் மாட்டற வெட்டு சுத்தாம அப்படியே நிக்குது, அதனால இது திருகி மாட்டற ப்ரீவீல்தான், கேசட் இல்ல. வாங்கும்போது கடையில இதைச் சொல்லிக் கேளுங்க.

இதையும் சொல்லிடறேன், போட்டோ இருந்திருந்தாலும் இது தெரிஞ்சிருக்காது. நடு சக்கரத்துல பெடலைப் பின்னாடி சுத்தினா, மூணு சுத்து கொஞ்சம் தாண்டறப்போ டிரெய்லர் கூண்டு ஒரு தடவை துள்ளுது. பெடல் ஒவ்வொரு சுத்துக்கும் துள்ளினா முன் பல்சக்கரத்துல கோளாறுன்னு நினைச்சிருப்பேன். மூணு சுத்துக்கு ஒரு தடவைன்னா செயின் ஒரு முழு ரவுண்டு வர்ற கணக்கு. அப்படியே கையால ஒவ்வொரு லிங்க்கா மடக்கிப் பார்த்ததுல ஒண்ணு மட்டும் மடங்காம விறைப்பா நிக்குது, அதுல சிவப்பு நெயில் பாலிஷ் வெச்சிருக்கேன். செயினே புதுசு போடறதுன்னா இதுக்குத் தனியா வேலை இல்ல.

முன் டிரெய்லர், ரெண்டு பிரேக், கிராங்க் எல்லாம் நல்லா இருக்கு. பின் ரிம் மட்டும் ஆடுதான்னு சுத்திப் பாருங்க, எனக்கு நேராத்தான் தெரியுது.

ஹேங்கர் இல்லாம ப்ரீவீல், செயின், கேபிள், உங்க கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்னு இந்த நம்பருக்கே புதன்கிழமைக்குள்ள சொல்லுங்ணா, பணத்தை பிக்கப் டிரைவர்கிட்ட வியாழக்கிழமையே கொடுத்து அனுப்பறேன். ஹேங்கர் கிடைக்க லேட்டாகும்னா வண்டியை அங்கேயே ஒரு வாரம் வெச்சுக்கங்க, அவசரத்துக்கு வேற ஷேப்பை ராவி மாட்ட வேண்டாம்.