ஐந்தாம் நாள் பெரியபுராணத் தொடர் சொற்பொழிவு: சிவகாமி அம்மா அறிமுக உரை

திருச்சிற்றம்பலம்.

அடியார் பெருமக்களே, தாய்மார்களே, பெரியவர்களே, முன்வரிசையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஏழு மாலைகள் நடக்கும் பெரியபுராணத் தொடரில் இன்று ஐந்தாம் மாலை. நான்கு நாளும் தவறாமல் வந்தவர்களின் முகங்களை இங்கிருந்து பார்க்கிறேன். இன்றைய பொருள் காரைக்கால் அம்மையார். பேச வந்திருப்பவர் சிவகாமி அம்மா.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழில் அம்மாவின் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று அச்சாகியிருக்கிறது. அது சரியல்ல. பிழை விழாக்குழுவைச் சேர்ந்தது. அழைப்பிதழ் கையில் கிடைத்த அன்று இரவே அம்மா தொலைபேசியில் அழைத்தார். கோபமாக ஒரு சொல் இல்லை. "தம்பி, நான் அந்தப் பட்டம் வாங்கவில்லை. மேடையிலேயே சொல்லிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். நடந்தது இதுதான்: 1991-இல் காரைக்கால் அம்மையாரின் பாடல்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு பகுதிநேர ஆய்வு மாணவியாகப் பதிந்தார். மூன்றாம் ஆண்டில் அவருடைய தாயார் படுத்த படுக்கையானார். பகலில் பள்ளி வேலை, இரவில் தாயாரைக் கவனிக்கும் வேலை. ஆய்வு அங்கேயே நின்றது. தாயார் மறைந்த பிறகும் பதிவைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் அன்று எடுத்த குறிப்புகளை மூடி வைக்கவும் இல்லை. இன்றைக்கு நாம் கேட்கப்போவது அந்தக் குறிப்புகளின் நீட்சி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தத் தொலைபேசிக்குப் பிறகு, நாங்கள் எழுதி வைத்திருந்த அறிமுகக் குறிப்பு முழுவதையும் அம்மாவுக்கு அனுப்பினோம். பச்சை மையில் திருத்தி அனுப்பியிருந்தார். 'ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்பொழிவுகள்' என்று எழுதியிருந்தோம். அதை அடித்துவிட்டு '412' என்று எழுதியிருந்தார். எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்டேன். முதல் சொற்பொழிவிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாராம். தேதி, பொருள், கூட்டத்தில் எழுந்த கேள்விகள், அன்று தனக்குப் பதில் தெரியாமல் போன கேள்விகள், எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்ன பகுதிக்கு மட்டும் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். பதில் கிடைத்ததும் கேட்டவரைத் தேடி எழுதி அனுப்புவது அவர் வழக்கம். இன்றைய மாலை அந்த நோட்டில் 413-ஆவது பதிவு.

'பன்னிரு திருமுறையும் மனப்பாடம்' என்று இன்னொரு வரி எழுதியிருந்தோம். அதற்கும் பச்சைக் கோடு. 'திருவாசகம் முழுவதும், தேவாரத்தில் தினமும் ஓதும் பதிகங்கள் மட்டும்' என்று பக்கத்தில் எழுதியிருந்தார். திருவாசகம் முழுவதும் என்றால் 51 பகுதிகள். அதை நெஞ்சில் வைத்திருக்கும் ஒருவர், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று ஒரு வரியில்கூடச் சொல்ல விடவில்லை. நம்பிக் கேட்கலாம் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல வேண்டும்?

சுருக்கமாக வாழ்க்கைக் குறிப்பு. சிவகாமி அம்மா 1958-இல் பிறந்தவர். தந்தையார் கோயிலில் ஓதுவார். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்று 1984-இல் அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 32 ஆண்டுகள் பணியாற்றி 2016-இல் ஓய்வு பெற்றார். இன்றும் ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தம் வீட்டுக் கூடத்தில் திருமுறை வகுப்பு நடத்துகிறார். கட்டணம் இல்லை. வயது வரம்பும் இல்லை.

ஓதுவார் மகள் என்றேன். அதில் இன்றைய பொருளோடு ஒட்டிய ஒரு செய்தி இருக்கிறது. அம்மையார் திருவாலங்காட்டில் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. முதலாவது நட்டபாடைப் பண்ணில், இரண்டாவது இந்தளத்தில். தந்தையார் விடியற்காலையில் முதற்பதிகத்தைப் பாடிப் பழகும்போது, ஏழு வயதுச் சிறுமியான இவர் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொள்வாராம். சுடுகாடு, குழிந்த வயிறு, வெண்பல், நீண்ட கால் என்று பேயின் தோற்றத்தை அம்மையார் ஒளிக்காமல் பாடுகிற பதிகம் அது. ஒருநாள் தந்தையார் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டும் எங்கே போய் முடிகிறது என்று கவனிக்கச் சொன்னார். இறைவன் ஆடும் இடத்தில் முடிகிறது. "பயம் போகவில்லை, பயத்தோடு கேட்கக் கற்றுக்கொண்டேன்" என்று அம்மா சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் குறிப்பில் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினேன்.

முதல் சொற்பொழிவு 1997-இல். அதுவும் திட்டமிட்டதல்ல. ஒரு திருமுறை விழாவுக்குத் தம் மாணவிகளை அழைத்துப் போயிருந்தார். பேச வேண்டியவர் உடல்நலம் குன்றி வர முடியாமல் போக, ஏற்பாடு செய்தவர்கள் கூட்டத்தில் இருந்த தமிழாசிரியரிடம் வந்து கேட்டார்கள். அம்மா ஒரு நிபந்தனை வைத்தார்: நூலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவேன். இன்றுவரை அந்த வழக்கம் மாறவில்லை. மேசையில் பாருங்கள், பழைய காக்கி அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. பாட்டு நன்றாகத் தெரிந்தாலும், சொல்வதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வரியின் மேல் விரலை வைத்துக்கொள்வார். சேக்கிழார் சொன்னது எது, தாம் சொல்வது எது என்பது கேட்பவருக்குக் குழம்பக்கூடாது என்பது அவர் கவலை. புராணச் சொற்பொழிவில் இந்தக் கவலை எவ்வளவு அரிது என்பது நிறையக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் தாயாருக்கு வயது 71. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வற்புறுத்தி ஞாயிறு வகுப்புக்கு அழைத்துப் போனேன். முதல் நாள் புத்தகத்தைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். "கேட்டுக்கிட்டே இருக்கேன்மா, எனக்கு எழுத்துக் கூட்ட வராது" என்று சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். சிவகாமி அம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரிய எழுத்தில் தம் கையால் எழுதிய ஒரு தாளை மடியில் விரித்து, என் தாயாரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் சொல்லின் அடியில் வைத்தார். அன்று ஒரு வரிதான் நடந்தது. மற்ற எல்லோரும் காத்திருந்தார்கள். முதலில் பதம் பிரிப்பது, பிறகு பொருள், அதன் பிறகுதான் பாட்டு என்பது அந்த வகுப்பின் ஒழுங்கு. யாருக்காகவும் அது மாறுவதில்லை, யாரையும் விட்டுவிட்டு அது நகர்வதும் இல்லை. இன்று என் தாயார் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அற்புதத் திருவந்தாதி திறந்திருக்கிறது.

அம்மையார் வரலாற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பேச்சாளரை அறிமுகம் செய்ய வந்தவர் அவருடைய பேச்சிலிருந்து பாதியை எடுத்துக்கொள்வது முறையல்ல. கேட்பதற்கு உதவியாகச் சில விவரங்கள் மட்டும். பெரியபுராணத்தில் அம்மையாருக்குச் சேக்கிழார் 66 பாடல்கள் தந்திருக்கிறார். அம்மையார் பாடியவை பதினொன்றாம் திருமுறையில் இருக்கின்றன: அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா, திருஇரட்டை மணிமாலை 20 பாடல், மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சேர்ந்து 22. மொத்தம் 143. அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். அவர்களுள் நமக்குப் பாடல்களை விட்டுச் சென்றவர் இவர் ஒருவரே. திருஞானசம்பந்தருக்கும் முந்தியவர். அம்மையார் தலையால் நடந்த தலம் என்று திருவாலங்காட்டு மண்ணை மிதிக்கச் சம்பந்தப் பிள்ளையார் தயங்கியதைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார்.

அம்மா இன்று எடுத்துக்கொண்டிருப்பது அந்த 66 பாடல்களில் நாம் எல்லோரும் அறிந்த ஒன்று. 'பிறவாமை வேண்டும்' என்று கேட்டுவிட்டு, உடனே 'மீண்டும் பிறப்புண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும்' என்று அம்மையார் கேட்கும் இடம். பிறவி வேண்டாம் என்றவர் ஏன் அடுத்த மூச்சிலேயே பிறந்தால் என்று யோசிக்கிறார்? போன மாதம் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இதைக் கேட்டான். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பாட்டை இன்னொரு முறை மெதுவாகப் படித்தார். பிறகு, "இதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன், கண்ணா" என்றார். அந்தப் பையன் இன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

சொற்பொழிவு ஒரு மணி நேரம். அதன் பிறகு கேள்விகளுக்கு இருபது நிமிடம். தயங்காமல் கேளுங்கள், கேள்விகளை அம்மா எவ்வளவு மதிப்பவர் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். கைபேசிகளை ஒலியடக்கி வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு இடது காது சற்று மந்தம், அதனால் கேட்பவர்கள் எழுந்து நின்று ஒலிவாங்கியில் பேசினால் உதவியாக இருக்கும். இதையும் சொல்லச் சொன்னவர் அவரேதான்.

ஓதுவார் மகளாகப் பிறந்து, 32 ஆண்டுகள் பெண் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, 412 மேடைகளில் நூலைத் திறந்து வைத்துப் பேசிய தமிழாசிரியர் சிவகாமி அம்மாவை அடியார்கள் அனைவர் சார்பிலும் வரவேற்கிறேன்.

அம்மா, வாருங்கள். புத்தகம் நீங்கள் அடையாளம் வைத்த பக்கத்திலேயே திறந்திருக்கிறது.

திருச்சிற்றம்பலம்.