பவுடர் டப்பா இல்லாமல் 95 கிராம் புரதம்

தம்பி,

உன் எடை 60 கிலோ. கிலோவுக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் என்று வைத்து, நாளுக்கு 95 கிராம் புரதம் போட்டிருக்கிறேன். முட்டை வேண்டாம் என்றாய், விட்டுவிட்டேன். பருப்பு, பயறு எல்லாம் வேகவைக்கும் முன் உள்ள எடை.

காலை 5.45: ஒரு வாழைப்பழம், 30 கிராம் பொட்டுக்கடலை. 6 கிராம். ஜிம்முக்கு இது போதும், வயிறு கனக்கக் கூடாது.

8 மணி: 70 கிராம் பச்சைப்பயறை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம், ஒரு பிடி அரிசியோடு அரைத்து மூன்று தோசை. கூட 250 மில்லி பால். 24 கிராம் வந்துவிடும். நாலு இட்லி தின்றால் எட்டு கிராம்தான், சட்னியை நம்பாதே.

மதியம் தான் முக்கியம். 40 கிராம் மீல்மேக்கரில் மட்டும் 20 கிராம் இருக்கிறது. உனக்கு அந்த வாடை பிடிக்காது என்று தெரியும். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் விட்டு, பச்சைத்தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழி. பிழிவதில்தான் இருக்கிறது எல்லாம். பாதி ஈரத்தோடு மசாலாவில் போட்டால் ஸ்பாஞ்ச் மென்ற மாதிரி இருக்கும். பிறகு தயிர், மிளகாய்த்தூள், கரம்மசாலாவில் அரைமணி ஊறவைத்து வாணலியில் சுருள வதக்கு. சோறு, கெட்டிச் சாம்பார், ஒரு கிண்ணம் தயிர் சேர்த்து மொத்தம் 35.

4 மணி: 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், 10 கிராம். எலுமிச்சை பிழி, இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடி.

ராத்திரி: மூன்று சப்பாத்தி, 50 கிராம் தட்டைப்பயறு குழம்பு. 20 கிராம். பனீர் வாரம் ஒருநாள் போதும், விலை அப்படி.

முதல் வாரமே முழு அளவில் இறங்காதே. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனார். பாதி அளவில் தொடங்கு, ஊறிய தண்ணீரைக் கொட்டு, வேகும்போது பெருங்காயம் போடு, தண்ணீர் நிறையக் குடி. பாலையும் தயிரையும் மட்டும் குறைக்காதே, சைவக்காரனுக்கு பி12 கிடைப்பது அதில்தான்.

உன் ஜிம்மில் மாஸ்டர் டப்பா வாங்கச் சொன்னால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல். சித்தப்பாவுக்கு இருப்பது மாதிரி கிட்னி தொந்தரவு எதுவும் உனக்கு இருந்தால், டாக்டரைக் கேட்காமல் இந்த அளவில் சாப்பிடாதே.

ஞாயிற்றுக்கிழமை சித்தி சமையல், கணக்கே வேண்டாம். இப்போது எழுந்து போய்ப் பயறை ஊறப்போடு.