மிஸ்ஸுக்கு, சொற்கூடையிலிருந்து

அன்பின் நூலகர் மிஸ்,

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் சிறுவர் பகுதிப் பிள்ளைகளுக்கு நீங்கள் வைக்கிற விளையாட்டை இந்த முறை உங்கள் பிரியாவிடைக்காக நாங்கள் விளையாடினோம். அதே பனையோலைக் கூடை, அதே விதி: கூடைக்குள் இருக்கிற புத்தகச் சொல்லை மட்டும் எடுக்கலாம். விகுதி, உருபு தாராளம். ‘நீங்கள்’, ‘நாங்கள்’ இலவசம்.

கூடையில் விழுந்தவை: திகதி, மை, இரவல், அட்டை, பச்சை அட்டை, தாமதம், தண்டப்பணம், தலைப்பு, முதுகு, ஓரம், பக்கம், கதை, ஊசி, நூல், பசை, கடதாசி, கறையான், இறாக்கை, கீழ்த்தட்டு, மேல்தட்டு, மேசை, பத்திரிகை, கண்ணாடி, அமைதி, வாசகர், பிள்ளை, வாசல், சாவி, கையொப்பம், தமிழ் இலக்கிய நூல்களின் எண்ணான 894.811; திற, மூடு, புரட்டு, திருப்பு, தட்டு, குத்து, கிழி, தை, ஒட்டு, அடுக்கு, எடு, கொடு, கேள், சொல், வாசி, இல்லை.

‘மாரி’யும் ‘வாவி’யும் புத்தகச் சொல்லா என்று பெரிய சண்டை. வெள்ளத்துக்குப் புத்தகம் தூக்கினவர்கள் ஓம் என்றார்கள். சேர்த்துக்கொண்டோம்.

திகதியைத் திருப்பினீர்கள், மையில் தட்டினீர்கள்,
இரவல் அட்டையில் குத்தினீர்கள்.
தாமதித்த பிள்ளையிடம்
தண்டப்பணம் கேட்கவில்லை,
கதை கேட்டீர்கள்.

தலைப்புக் கேட்டீர்கள்.
“பச்சை அட்டை” சொன்னோம்.
எடுத்துக் கொடுத்தீர்கள்!

கிழிந்த முதுகு:
ஊசி எடுத்து
நூலை நூலால் தைத்தீர்கள்.
கறையான் வாசித்த ஓரத்தில்
பசை, கடதாசி ஒட்டினீர்கள்.

மாரியில் வாவி வாசலைத் தட்டியது.
கீழ்த்தட்டை எடுத்து
மேல்தட்டில் அடுக்கினீர்கள்.
பக்கத்தை வாவி புரட்டவில்லை.

பத்திரிகை மேசையில் கதை.
கண்ணாடி ஓரத்தால்
எங்களை வாசித்தீர்கள்.
அமைதி.

894.811:
இறாக்கையைத் திறந்து கொடுத்தீர்கள்.
புரட்டினோம், மூடவில்லை.

சாவி கொடுக்கிறீர்கள்.
வாசகர் அட்டை எடுங்கள்:
எங்கள் கையொப்பம், உங்கள் மை,
திருப்பும் திகதி இல்லை.

இப்படிக்கு,
பத்திரிகை மேசைக்காரர், சாதாரண தரப் பிள்ளைகள், இரவல் பகுதி உதவியாளர்கள்
கல்லடி, மட்டக்களப்பு

பி.கு.: கடைசி அடியை மெய்யாகவே செய்திருக்கிறோம். உங்கள் பெயரில் எழுதின வாசகர் அட்டை இந்த வாழ்த்து மடலுக்குள் இருக்கிறது, விழுத்திப் போடாதீங்க மிஸ். இன்னொன்று: சாவிக்கொத்தில் பழைய இரும்பு அலுமாரிச் சாவி எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போக முன்னம் ஒருக்காக் காட்டித் தாங்க.