இன்டர்ன் முழுநேரப் பணி: மதிப்பீடும் முடிவும்

தேதி: 2025 ஜூன் 5
பெறுநர்: எச்.ஆர்., இன்ஜினியரிங் மேனேஜர்
எழுதுவது: பேமென்ட்ஸ் டீம் லீட்
இன்டர்ன்: கார்த்திகா, பேக்எண்ட். ஜனவரி 6 முதல் ஜூன் 20 வரை, 24 வாரம்
முடிவு: முழுநேர வேலைக்கு இப்போது எடுக்கவில்லை.

பார்த்தது ஒன்றே ஒன்று. நடுத்தர அளவு டிக்கெட் ஒன்றைக் கொடுத்தால், டிசைன் பற்றி ஒருமுறை பேசி, ரிவ்யூவில் இரண்டு சுற்றுக்குள் முடித்து புரொடக்‌ஷனுக்கு அனுப்புவாரா? ஜூனியர் இன்ஜினியரிடம் நாம் கேட்பது அவ்வளவுதான். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அதற்கு மார்க் போடவில்லை. மெர்ஜ் ஆன 31 பி.ஆர்.களில் 19 வெறும் டெக்ஸ்ட், கான்ஃபிக் மாற்றங்கள் என்பதால் அந்த எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கவில்லை.

ரீஃபண்ட் ரிப்போர்ட் (5–8 வாரம்) நல்ல வேலை. 40 விநாடி ஓடிய குவெரியை `EXPLAIN ANALYZE` போட்டுப் பார்த்து, இண்டெக்ஸ் இல்லாததைத் தானே கண்டுபிடித்து 2 விநாடிக்குக் கொண்டுவந்தார். அதற்கு எழுதிய குறிப்பை சப்போர்ட் டீம் இன்றும் பயன்படுத்துகிறது.

வெப்ஹுக் வேலையில் (10–12 வாரம்) சிக்கல் வந்தது. பேமென்ட் கேட்வே ஒரே நிகழ்வை இரண்டு தடவை அனுப்பக்கூடும். அவர் முதலில் `SELECT` செய்து, பதிவு இல்லையென்றால் `INSERT` செய்தார். இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் “பதிவு இல்லை” என்றே பதில் வரும், இரண்டும் எழுதிவிடும். ரிவ்யூவில் காட்டிய வழி, `event_id` மேல் யூனிக் கன்ஸ்ட்ரெயிண்ட் வைத்து:

```sql
INSERT INTO payments (event_id, amount)
VALUES ($1, $2)
ON CONFLICT (event_id) DO NOTHING;
```

முதல் தடவை இந்தத் தவறு யாருக்கும் வரும். ஆனால் 17–20 வாரங்களில் தனியாகச் செய்யக் கொடுத்த கூப்பன் வேலையில், ‘ஒருவருக்கு ஒரு கூப்பன்’ என்ற விதிக்கு மறுபடி அதே `SELECT`, பிறகு `INSERT`. டேபிள் மாறியதும் பிரச்சினை அதேதான் என்று தெரியவில்லை. டெஸ்ட்டிலும் ஒரே நேரத்தில் இரண்டு ரிக்வெஸ்ட் வரும் நிலை இல்லை. ரிவ்யூ ஐந்து சுற்று போனது. நடுவில் ஸ்டேஜிங்கில் செவ்வாய் முதல் வெள்ளி வரை மாட்டிக்கொண்டிருந்தவர், தினமும் ஸ்டாண்டப்பில் “போய்க்கிட்டிருக்கு” என்றே சொன்னார். பணம் புழங்கும் கோடில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த மௌனம்தான்.

நம் பக்கத் தவறும் உண்டு. 9-ஆம் வாரம் மென்டர் மாறினார். இரண்டு வாரம் கார்த்திகாவுக்கு வழிகாட்ட ஆளே இல்லை. அந்த நாட்களை மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. கூப்பன் வேலையின்போது ஒரே மென்டர், தினமும் அரை மணி நேரம் இருந்தார். “சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் கேளுங்கள்”, “ஒரே நேரத்தில் இருவர் வந்தால் என்ன ஆகும் என்று டெஸ்ட் எழுதுங்கள்” என்ற இரண்டையும் மார்ச் 28 இடைக்கால மதிப்பீட்டில் எழுத்திலேயே கொடுத்திருந்தோம்.

இன்னும் மூன்று மாதம் கொடுத்தால் தேறிவிடுவார் என்பது மென்டரின் கருத்து. தேறலாம். ஆனால் இன்டர்ன்ஷிப்பை நீட்டினால் ஸ்டைபெண்டில் உட்காரவைத்து, ஜூலையில் வரும் வேறு வேலைகளை அவர் தவறவிடச் செய்வோம். நம் ஐந்து பேரில் முழுநேரமாகக் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை. அதனால் நீட்டிப்பு வேண்டாம்.

முடிவை ஜூன் 9 திங்கள் காலை 11 மணிக்கு நானும் மென்டரும் நேரில் சொல்கிறோம். வெள்ளி மாலை சொன்னால் வார இறுதி முழுக்கத் தனியாகத் தவிப்பார். அதற்குமுன் எந்த மெயிலும் போக வேண்டாம். பேசி முடித்ததும் அனுப்பும் கடிதம்:

அன்புள்ள கார்த்திகா,

உங்களை முழுநேரப் பணிக்கு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு என்னுடையது, எச்.ஆர். அதை ஏற்றிருக்கிறது. காரணங்கள் இரண்டு: வெப்ஹுக்கில் பேசிய ஒரே நேர ரிக்வெஸ்ட் பிரச்சினை கூப்பன் வேலையிலும் திரும்ப வந்தது, நான்கு நாள் சிக்கியிருந்தது எங்களுக்குத் தெரியாமல் போனது.

ரீஃபண்ட் குவெரியை நீங்கள் அலசிய விதம் அருமை. அதைக் குறிப்பிட்டே பரிந்துரைக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்டர்ன்ஷிப் சான்றிதழோடு ஜூன் 20 அன்று கிடைக்கும். ஸ்டைபெண்ட் அன்றுவரை முழுமையாக வரும். புது டிக்கெட் இனி வேண்டாம். இன்டர்வியூக்களுக்கு அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், லீவு கேட்க வேண்டியதில்லை.

டிசம்பருக்குப் பிறகு இங்கே விண்ணப்பித்தால் நேராக டெக்னிக்கல் ரவுண்டுக்கு வரலாம். வேலை கிடைக்கும் என்ற வாக்குறுதியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்விகள் இருந்தால் புதன்கிழமை மாலை 4 மணிக்கு உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். கூப்பன் கோடையும் திறந்துவைத்துப் பேசலாம்.