நவம்பர் 9 பேச்சு: வேலு கேட்பது, கயல் கேட்பது, இருவரும் சந்திக்கும் இடம்

அன்புள்ள வேலு, கயல்,

மஞ்சக்குப்பம் மாடி அறையில் போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசிய ஒலிப்பதிவை முழுசாகக் கேட்டேன். 1 மணி 48 நிமிடம். சில இடங்களை இரண்டாம் முறையும் கேட்டேன். இன்வர்ட்டர் கத்த ஆரம்பித்த பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், அந்தப் பகுதியில் பாதிதான் காதில் விழுந்தது. கோபத்தில் வந்த வார்த்தைகளை விட்டுவிட்டேன். அவற்றில் கோரிக்கையும் இல்லை, கணக்கும் இல்லை. அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிவில் அந்தப் பேச்சு வரும் நேரம். நான் தப்பாக எடுத்துக்கொண்டதாகத் தோன்றினால் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில், சண்டை இல்லாத விஷயங்கள். கம்பெனி ஜூன் 2022-ல் பதிவானது. ஆளுக்கு 5,000 பங்கு, பங்குக்கு 10 ரூபாய். முதல் 18 மாதம் இருவருக்கும் சம்பளம் கிடையாது. டிசம்பர் 2023 முதல் ஆளுக்கு மாதம் 25,000. வேலு கைக்காசாகப் போட்டது 6,40,000 ரூபாய். இன்று பண்ருட்டிப் பக்கம் 46 முந்திரி ஆலைகள் கம்பெனியின் ஆப்பை வைத்திருக்கின்றன, மாதம் 2,000 கட்டுகின்றன. இந்த எண்களில் ஒன்றைக்கூட யாரும் மறுக்கவில்லை.

வேலு சொன்னது

தனக்கு 60 சதவீதம், எம்.டி. பதவி, இரண்டும் வேண்டும் (0:12). மூன்று காரணம் சொல்கிறார். பணம் தன்னுடையது. ஆலைக்காரர்கள் தன் அப்பா முகத்துக்காகத்தான் முதலில் ஆப்பை வாங்கினார்கள்: "காடாம்புலியூர்ல ஒருத்தரும் ஆப்பைப் பாத்து வாங்கல கயல், எங்க அப்பாவைப் பாத்து வாங்குனாங்க" (0:19). மூன்றாவது, முதலீடு பற்றிப் பேச வந்த சென்னைக்காரர் "உங்களில் யார் முடிவெடுப்பீர்கள்?" என்று கேட்டபோது இருவருமே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தது (0:26). இந்த மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் மாறுகிறது. பணத்தைப் பற்றிச் சொன்னபோதுகூட அப்படி இல்லை.

போட்ட பணத்தைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் (0:33). ஆப்பின் கோட் கம்பெனியுடையது, தனி ஆளுடையது இல்லை என்கிறார் (0:37). கயலுக்கு பெங்களூரில் வேலை கிடைத்து நாளைக்கே கிளம்பினால் பாதிக் கம்பெனி அவரோடு போய்விடும் என்ற பயத்தையும் மறைக்கவில்லை (0:40).

பின்பகுதியில் இரண்டு முறை இறங்கி வருகிறார். "52-க்கு வரேன்" (1:19). அப்புறம்: "பணம் திரும்பி வந்துட்டா எனக்கு 60 வேணாம். கடைசி வார்த்தை யாரோடதுன்னு மட்டும் தெரியணும்" (1:22).

கயல் சொன்னது

பாதிக்குப் பாதி என்றுதான் ஆரம்பித்தோம், அது மாறக்கூடாது (0:15). 18 மாதம் சம்பளம் இல்லாமல் முழு நேரமும் உட்கார்ந்து எழுதினேன், அதே வேலைக்குச் சென்னையில் 40,000 வாங்கிக்கொண்டிருந்தேன், அதுவும் நான் போட்ட பணம்தான் (0:29). முதல் பத்து மாதம் வேலு பாதி நாள் அப்பாவின் ஆலையில் இருந்தார் என்கிறார் (0:31). வேலு அதை மறுக்கவில்லை, "மதியத்துக்கு மேல வந்துடுவேன்ல" என்று மட்டும் சொல்கிறார்.

கயல் சூடாவது பங்கைப் பற்றி இல்லை. முந்திரி உடைப்புக் கூலிக் கணக்கைப் பற்றி. ஒரு ஆலைக்காரர் தன் பழைய நோட்டில் இருப்பது போலவே முழுசுக்கு ஒரு பத்தி, உடைசலுக்கு ஒரு பத்தி, முன்பணம் கழித்து சனிக்கிழமைக்குள் அச்சாகி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வேலு அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், காசும் கேட்கவில்லை. "நீ அங்க டீ குடிச்சிட்டு சொல்லிட்ட, நான் இங்க மூணு ராத்திரி முழிச்சேன்" (0:48). வேலு எம்.டி. ஆகிவிட்டால் இது வாராவாரம் நடக்கும் என்பது அவர் கவலை. வேலு கைக்கு 60 சதவீதம் போனால் என்றைக்காவது தன்னை வெளியே அனுப்பிவிடலாமே என்றும் கேட்கிறார் (0:55). வேலு "அப்படியெல்லாம் செய்வேனா?" என்கிறார். செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

அவரும் இறங்கி வருகிறார்: "வியாபாரத்துல கடைசி வார்த்தை நீயே வச்சுக்க. என்னைக் கேக்காம என் வேலைக்கு வாக்கு குடுக்காத" (1:31). கோட் கம்பெனி பெயரில் இருக்கட்டும், எழுதிக் கொடுக்கிறேன் என்றும் ஒரு வரி வருகிறது (1:34). வேலு அப்போது போனில் இருந்தார், காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

6,40,000 என்பது கடனா, பங்கா?

நீங்கள் இருவரும் ஒன்றரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது இந்த ஒரே கேள்வியைத்தான். யாரும் அதை நேராகக் கேட்கவில்லை.

கயல் சொன்ன மாதம் 40,000 என்ற அளவையே இருவருக்கும் வைத்துப் பார்த்தேன். கயலுக்கு 18 மாதம், 7,20,000. வேலுவுக்குப் பத்து மாதம் அரை நாள், எட்டு மாதம் முழு நாள், 5,20,000. வேலுவின் பணத்தையும் பங்குக்கான முதலாகச் சேர்த்தால் அவர் பக்கம் 11,60,000 ஆகிறது, அதாவது மொத்தத்தில் 62 சதவீதம். அவர் கேட்கும் 60-க்குப் பக்கம். பணத்தைக் கடன் என்று ஒதுக்கி வைத்து உழைப்பை மட்டும் பார்த்தால் கயல் 58, வேலு 42. அப்பா முகத்துக்காக வந்த ஆலைகளுக்கு இதில் விலை போடவில்லை. போட்டால் அந்த 42 ஏறும், எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல முடியும். ஆக இருவரின் எண்ணும் அவரவர் கணக்கில் நியாயம்தான். ஆனால் ஒரே பணம் திரும்பி வர வேண்டிய கடனாகவும் பங்கைக் கூட்டும் முதலாகவும் இருக்க முடியாது.

கம்பெனிக் கணக்கில் அது இன்று டைரக்டர் கடன் என்றுதான் நிற்கிறது. பங்காக மாற்றலாம் என்று வேலு சொன்னதன் அளவையும் பாருங்கள். பங்குக்குப் பத்து ரூபாய் என்று மாற்றினால் 64,000 புதுப் பங்கு வரும், வேலு 93 சதவீதத்துக்குப் போய்விடுவார். அவர் அதைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நடைமுறையில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் போடும் விலையில்தான் மாற்ற வேண்டும். சிறப்புத் தீர்மானமும் வேண்டும். அதற்கு முக்கால் பங்கு ஓட்டு தேவை என்பதால் கயல் சம்மதிக்காமல் நடக்காது.

60, 52, 50: ஓட்டில் என்ன வித்தியாசம்

52-க்கு வருகிறேன் என்றதை வேலு பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைத்துச் சொல்கிறார். லாபம் பிரிக்கும்போது அது உண்மைதான். அதிகாரத்தில் 52-ம் 60-ம் ஒன்று. பாதிக்கு மேல் இருந்தால் சாதாரணத் தீர்மானம் கையில் வந்துவிடும். கம்பெனிச் சட்டம் 2013-ன் 169-வது பிரிவின்படி, சிறப்பு அறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பையும் கேட்டுவிட்டு, ஒரு டைரக்டரை நீக்க அந்தச் சாதாரணத் தீர்மானமே போதும். கயல் பயந்தது வெறும் கற்பனை இல்லை. மறுபக்கம், 60 கிடைத்தாலும் வேலுவால் சிறப்புத் தீர்மானத்தைத் தனியாக நிறைவேற்ற முடியாது.

இன்னொன்று, பதிவில் இருவருமே பேசாதது. உங்கள் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது கம்பெனியின் உள்விதிகள், சட்டத்தில் இருக்கும் மாதிரி விதிகளான டேபிள் எஃப்-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது. அதன்படி போர்டு கூட்டத்தில் ஓட்டு சமமானால் தலைவருக்கு ஒரு கூடுதல் ஓட்டு உண்டு. மினிட்ஸ் புத்தகத்தில் எல்லாக் கூட்டத்துக்கும் தலைவர் வேலு என்றே எழுதியிருக்கிறீர்கள். 50-50 என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தாலும், போர்டில் கடைசி வார்த்தை ஏற்கனவே ஒருவர் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டுமா என்பதை இப்போது தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

நடுவில் நிற்கக்கூடிய இடம்

1:22-ல் வேலு சொன்னதையும் 1:31-ல் கயல் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். நான் புதிதாகச் சேர்க்க அதிகம் இல்லை.

பணம் கடனாகவே இருக்கட்டும், வட்டியோடு திரும்பட்டும். மாத வரவு 92,000-ல் சம்பளமும் சர்வரும் களத்துக்குப் போகும் தம்பியின் கூலியும் போக 15,000 ஒதுக்க முடியும் என்று கயலே சொல்கிறார் (1:26). 9 சதவீத வட்டி என்றால் ஏறத்தாழ 52 மாதத்தில் தீரும். வட்டி விகிதத்தை நான் எடுத்துக்கொண்டது, பதிவில் இல்லை. கடன் இப்படித் திரும்பும் என்று எழுத்தில் வந்தால் வேலுவுக்கு 60 வேண்டியதில்லை என்பது அவர் வாய்வார்த்தை, எனவே பங்கு 50-50 ஆகவே நிற்கலாம்.

எம்.டி. வேலு. விலை, ஆலைகளோடு ஒப்பந்தம், ஆள் எடுப்பது, வங்கி, முதலீட்டாளர் பேச்சு ஆகியவற்றில் அவர் முடிவே முடிவு. என்ன கட்டுவது, எந்த வரிசையில், எந்தத் தேதிக்குள் என்பது கயல் முடிவு. உடைப்புக் கூலி விவகாரத்தை இதில் வைத்துப் பாருங்கள்: வேலு இலவசமாகத் தரலாம், விலை அவர் கையில். சனிக்கிழமை என்று சொல்ல முடியாது. சென்னைக்காரர் அடுத்த முறை கேட்டால் சொல்லப் பதிலும் இதுதான்.

ஒருவர் மற்றவரை டைரக்டர் பதவியிலிருந்து நீக்குவது, புதுப் பங்கு வெளியிடுவது, ஒரு அளவுக்கு மேல் கடன் வாங்குவது, இவற்றுக்கு இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதி, ஆர்ட்டிகிள்ஸிலும் ஏற்றுங்கள். ஒப்பந்தத்தில் மட்டும் விட்டால் பின்னால் வலுவில்லை என்று யாராவது வாதாடுவார்கள்.

கயல் பெங்களூர் போய்விடுவார் என்று வேலுவுக்குப் பயம், வேலு அப்பாவின் ஆலைக்கே திரும்பிவிடுவார் என்று கயலுக்கு (1:02). இரண்டுக்கும் ஒரே மருந்து: பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாவது, நடுவில் கிளம்புகிறவர் உறுதியாகாத பங்கை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஜூன் 2022-லிருந்தே எண்ணினால் மூன்று வருடத்துக்கு மேல் ஏற்கனவே முடிந்துவிட்டது, பயத்துக்குப் பெரிய பலன் இருக்காது. இன்றிலிருந்து எண்ணினால் இதுவரை உழைத்ததற்கு மரியாதை இல்லை. பாதியை இன்றே உறுதி செய்து, மீதியை அடுத்த இரண்டு வருடத்தில் என்பது என் யோசனை. நீங்கள் இருவரும் இதைச் சொல்லவில்லை.

கோட் விஷயத்தில் காலம் கடத்த வேண்டாம். முதல் 18 மாதம் கயலுக்கு நியமனக் கடிதமும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்போது எழுதியது தானாகக் கம்பெனியுடையது என்று சொல்வது கஷ்டம். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி உரிமையை மாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கயல் சம்மதித்துவிட்டார். கடன் திருப்பும் தாளும் இந்தத் தாளும் ஒரே நாளில் கையெழுத்தாகட்டும். ஒன்று முன்னால் போனால் மற்றது நிற்கும்.

இன்னும் ஒத்துவராதது

கயலின் 7,20,000-ஐ அவர் நிலுவையாகக் கேட்கிறாரா, பாதிப் பங்குக்கு நியாயமாகச் சொல்கிறாரா என்பது கடைசி வரை தெளிவாகவில்லை. 0:29-ல் முதலாவது போல இருக்கிறது, 1:38-ல் இரண்டாவது போல. நிலுவை என்றால் வேலுவின் 5,20,000-மும் நிலுவைதான், மேலே சொன்ன கணக்கு எல்லாம் மாறும். அப்பாவின் பெயரால் வந்த ஆலைகளுக்குத் தனி மதிப்பு வேண்டும் என்பதை வேலு கைவிட்டாரா என்றும் தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதி புதன்கிழமைக்குள் அனுப்புங்கள், தனித்தனியாக எனக்கு மட்டும் இல்லாமல் மூன்று பேருக்கும் தெரியும்படி. வரைவை அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பிப்பேன்.

புதுச்சேரி, 15 நவம்பர் 2025