தாமதக் கட்டணத்தையும் வட்டியையும் திருப்பித் தரக் கோரி

காரைக்குடி
19.08.2024

பெறுநர்
குறைதீர் அதிகாரி,
கிரெடிட் கார்டு பிரிவு

பொருள்: 4417 என முடியும் கார்டில் தவறாகப் பிடித்த ரூ.2,621.96

ஐயா / அம்மா,

என் ஜூன் மாத பில் ரூ.28,640. கெடு தேதி ஜூலை 3. உங்கள் வங்கியிலேயே உள்ள என் சேமிப்புக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் மூலம் முழுத் தொகையும் ஜூலை 2, செவ்வாய்க்கிழமை காலை 7.10-க்குப் போய்விட்டது. பணம் எடுத்ததாக வந்த குறுஞ்செய்தியும் பாஸ்புக் பக்கமும் இணைப்பில் உள்ளன.

அந்தப் பணம் கார்டில் வரவானது ஜூலை 8-ஆம் தேதி. ஒரே வங்கிக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆறு நாள். மணியார்டர் அனுப்பியிருந்தால்கூட முன்னாலேயே வந்திருக்கும். விளைவு, ஜூலை பில்லில் தாமதக் கட்டணம் ரூ.950, வட்டி ரூ.1,060, இரண்டுக்கும் 18% ஜிஎஸ்டி ரூ.361.80. வட்டியில்லாக் காலச் சலுகையும் போனதால், கடைக்குத் துணி எடுத்த புதுச் செலவுக்கும் ஆகஸ்ட் பில்லில் வட்டி ரூ.212, ஜிஎஸ்டி ரூ.38.16. பாக்கி என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்று இரண்டு பில்லையும் முழுசாகக் கட்டிவிட்டேன். கட்டியதால் ஒப்புக்கொண்டேன் என்று கொள்ள வேண்டாம்.

ஜூலை 16-இல் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். "சிஸ்டம் தானாகப் போட்டது மேடம், வேண்டுமானால் சலுகையாகத் தாமதக் கட்டணத்தில் பாதியைக் குறைக்கிறோம்" என்றார்கள். அந்தச் சலுகை தாமதமாகக் கட்டியவருக்குத் தர வேண்டியது. நான் ஒரு நாள் முன்பே கட்டியவள். அதனால் பாதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தவறான பில் போகாமல் பார்த்துக்கொள்வது கார்டு வழங்குபவரின் பொறுப்பு என்றும், வாடிக்கையாளர் ஆட்சேபித்தால் 30 நாளுக்குள் விளக்கமும் தேவையான இடத்தில் ஆவணமும் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு வழிகாட்டு விதிகள் சொல்கின்றன. போனில் சொன்ன புகாருக்கு இன்றுவரை எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

எனவே ரூ.2,621.96-ஐ ஜிஎஸ்டி உட்பட என் கார்டிலேயே வரவு வையுங்கள். பணம் வரவான தேதியை ஜூலை 2 என்று திருத்துங்கள். கெடு தாண்டி ஐந்து நாள் பாக்கி என்று கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பியிருந்தால் அதையும் திருத்தி, திருத்திய விவரத்தை எனக்கு எழுத்தில் தாருங்கள். பணத்தைவிட எனக்கு இதுதான் முக்கியம். தையல் கடைக்கு இரண்டு புது மெஷின் வாங்க அடுத்த மாதம் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அங்கே முதலில் பார்ப்பது ஸ்கோரைத்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் தீர்வு வராவிட்டால், இதே ஆவணங்களோடு ரிசர்வ் வங்கி ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்வேன்.

இப்படிக்கு,
மு. செல்வி

இணைப்பு: குறுஞ்செய்தியின் நகல், பாஸ்புக் பக்கம், ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பில்கள்