17 ஜூன் 2025 கூட்டக் குறிப்பு: தமிழ்ப் பிரதி, கூடவே ஆங்கிலப் பிரதியைப் பற்றி

அனைவருக்கும்,

செவ்வாய்க்கிழமை நடந்த கூட்டத்தின் குறிப்பு கீழே இருக்கிறது. இதுதான் மூலப்பிரதி. க்ளையன்ட்டுக்குப் போகும் ஆங்கிலப் பிரதியை `Minutes_2025-06-17_EN.docx` என்ற பெயரில் இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சில இடங்களில் நானாக ஒரு அர்த்தத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த இடங்களைக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன். அதை மட்டுமாவது வியாழன் மதியத்துக்குள் படித்துவிடுங்கள், மாலையில் அனுப்பிவிடுவேன்.

கூட்டக் குறிப்பு

நேரம்: காலை 10:30 முதல் 11:45 வரை. கலந்துகொண்டவர்கள்: ப்ராஜெக்ட் மேனேஜர் (தலைமை), பேக்கெண்ட் டெவலப்பர்கள் இருவர், டெஸ்டிங் லீட், டிசைனர், குறிப்பு எழுதிய நான். க்ளையன்ட் தரப்பில் யாரும் இல்லை.

1. பழைய டேட்டாவை மாற்றுவது. சோதனையாக 12 லட்சம் வாடிக்கையாளர் பதிவுகளைப் பழைய மைஎஸ்க்யூஎல்லிலிருந்து போஸ்ட்கிரஸுக்கு மாற்றிப் பார்த்ததில் 340 பதிவுகள் ஏறவில்லை. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: பிறந்த தேதி தெரியாத இடத்தில் பழைய சிஸ்டம் `0000-00-00` என்று போட்டு வைத்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் அந்தப் பழைய செட்டிங்கில் அதை ஏற்றுக்கொண்டது. போஸ்ட்கிரஸ் அப்படி ஒரு தேதியே இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. 1900 ஜனவரி 1 என்று ஒரு பொய்த் தேதி போட்டுவிடலாமா என்ற யோசனை வந்தது. வயதைக் கணக்கிடும் ரிப்போர்ட்டில் நூறு வயது தாண்டியவர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள் என்று டெஸ்டிங் லீட் மறுத்தார்.
முடிவு: அந்த இடங்களில் `NULL` போடப்படும். செய்வதற்கு முன் 340 பதிவுகளின் பட்டியல் க்ளையன்ட்டுக்குப் போகும், அவர்கள் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். பட்டியல் அனுப்புபவர்: மூத்த டெவலப்பர், 19 ஜூன்.

2. லாகின் ஓடிபி தாமதம். “டெஸ்ட் பண்ணியாச்சு” என்று டெவலப்பர் சொன்னார். யார், எந்த சர்வரில் என்று கேட்டபோது, தன்னுடைய லேப்டாப்பில் தானே பார்த்ததாகத் தெளிவுபடுத்தினார். டெஸ்டிங் குழு ஸ்டேஜிங் சர்வரில் இன்னும் பார்க்கவில்லை.
முடிவு: ஸ்டேஜிங்கில் மறுபடி சோதனை. பொறுப்பு: டெஸ்டிங் லீட், 20 ஜூன்.

3. ரிலீஸ் தேதி. 24 ஜூன் என்று இருந்தது. மேலே சொன்ன இரண்டும் முடியாமல் ரிலீஸ் செய்ய முடியாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் இருபது நிமிடம் போனது. மூன்று நாள் போதும் என்றார் ஒரு டெவலப்பர். அது வெள்ளிக்கிழமையில் விழும், ஏதாவது உடைந்தால் வார இறுதியில் பார்க்க ஆள் இல்லை என்பதால் கைவிடப்பட்டது.
முடிவு: 1 ஜூலை, மாலை 6 மணி. க்ளையன்ட்டிடம் சொல்பவர்: ப்ராஜெக்ட் மேனேஜர், இன்றே.

4. ரிலீஸ் தள்ளிப்போனாலும் ஐகான் ஃபைல்கள் முன்னதாகவே வேண்டும் என்று டெவலப்பர்கள் கேட்டார்கள். டிசைனர் 25 ஜூனுக்குப் பதிலாக 23 ஜூன் அன்று தருவார்.

5. டார்க் மோட். “பார்க்கலாம்” என்றார் ப்ராஜெக்ட் மேனேஜர். முடிவு எடுக்கப்படவில்லை.

ஆங்கிலப் பிரதியில் நான் முடிவு செய்த இடங்கள்

முதலில் நாம், நாங்கள் விஷயம். ஓடிபி பேச்சில் டெஸ்டிங் லீட் “அதை நாங்க பாத்துக்கிறோம்” என்றார். நமக்கு அது தெளிவு: டெஸ்டிங் குழு மட்டும், டெவலப்பர்கள் சேர்த்தி இல்லை. ஆங்கிலத்தில் ‘வீ’ என்று எழுதினால் மொத்த டீமும் உள்ளே வந்துவிடும், அப்புறம் யாருடைய வேலையும் இல்லை என்றாகும். அதனால் ‘வீ’ வந்த எல்லா இடத்திலும் ‘த டெஸ்டிங் டீம்’, ‘த டெவலப்மென்ட் டீம்’ என்று பெயரைப் போட்டுவிட்டேன். கேட்க அலுப்பாக இருக்கும், பரவாயில்லை.

“பண்ணியாச்சு” அதைவிடச் சிக்கல். அந்த வார்த்தையில் வேலை முடிந்தது இருக்கிறது, செய்த ஆள் இல்லை. அப்படியே ‘டெஸ்டிங் ஹேஸ் பீன் கம்ப்ளீட்டட்’ என்று போயிருந்தால் க்ளையன்ட்டுக்கு நாம் பொய் சொன்னதாக ஆகியிருக்கும். ‘ஒரு டெவலப்பர் தன் கணினியில் சோதித்தார், ஸ்டேஜிங் சோதனை பாக்கி’ என்ற பொருளில் எழுதியிருக்கிறேன். அந்த டெவலப்பருக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் என்னிடம் நேராகச் சொல்லலாம்.

340 பதிவுகளைப் பற்றிப் பேசும்போது “க்ளையன்ட் ரிவர்ட் பண்ணட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்” என்று ஒரு வாக்கியம் வந்தது. நம் அலுவலகப் பேச்சில் ரிவர்ட் என்றால் பதில் போடுவது. அவர்களுக்கோ செய்த மாற்றத்தைத் திரும்ப எடுப்பது. டேட்டாவை மாற்றப் போகிற நேரத்தில் அந்தச் சொல்லை அவர்கள் கண்ணில் காட்டவே கூடாது. ‘ரிப்ளை’ என்று மாற்றிவிட்டேன். அதேபோல ஐகான் ஃபைல்களை “ப்ரீபோன்” செய்ததை எடுத்துவிட்டு, 23 ஜூன் என்ற தேதியை மட்டும் வைத்தேன்.

எண்கள்: 12 லட்சம் என்பது ஆங்கிலப் பிரதியில் 1.2 மில்லியன். காற்புள்ளியும் 1,200,000 என்று விழும், 12,00,000 என்று அல்ல. சாட்டில் ஒருவர் ரிலீஸ் தேதியை 01/07 என்று போட்டிருந்தார். மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள் அதை ஜனவரி 7 என்று படிப்பார்கள். எங்கும் மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டிருக்கிறேன். மாலை 6 மணி நம் நேரம், பக்கத்தில் 12:30 UTC என்றும் சேர்த்தேன்.

“பார்க்கலாம்” என்பதற்கு வந்தேன். ‘வீ வில் லுக் இன்டு இட்’ என்று எழுதினால் அவர்கள் அடுத்த வாரம் டார்க் மோட் எங்கே என்று கேட்பார்கள். அறையில் இருந்த எல்லோருக்கும் அது பெரும்பாலும் ‘இப்போதைக்கு இல்லை’ என்றே கேட்டது. ஆனால் அப்படி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ‘டிஸ்கஸ்டு, நோ டிசிஷன் டேக்கன்’ என்று நிறுத்தியிருக்கிறேன். மேனேஜர் சார், அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கப் போகிறீர்களா, ரிலீஸுக்கு அப்புறமா என்று ஒரு வரி சொன்னால் அதையே சேர்த்துவிடுகிறேன்.

நூறு வயதுக்காரர்கள் கிண்டலையும், மூன்று நாளா ஏழு நாளா என்ற விவாதத்தையும் ஆங்கிலப் பிரதியில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ் வேண்டாம் என்ற காரணம் மட்டும் ஒரே வரியில் இருக்கிறது, ஏனென்றால் ஏழு நாள் எதற்கு என்று அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு அதுதான் பதில்.